முந்திரிக்கடை லோகோ: ஷட்டர், சட்டை, துணிப்பை மூன்றுக்கும் ஒற்றை நிறத்தில் எப்படிக் கொடுப்பது?

முந்திரிப்பருப்பு (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் அம்மாவும் நானும் சின்னதாக ஒரு முந்திரிக்கடை நடத்துகிறோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பருப்பு எடுத்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். அடுத்த மாதம் கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாறப் போகிறோம்.

லோகோ அண்ணன் மகன் போனில் ஏதோ ஒரு ஆப்பில் செய்து கொடுத்தது. பச்சை வளையம், உள்ளே முந்திரிப்பழம், அதன் அடியில் தொங்கும் கொட்டை, மேலே இரண்டு இலை. பழம் மேலே மஞ்சளாக ஆரம்பித்துக் கீழே சிவப்பாக மாறும். வளையத்துக்குள் மேலே "நாட்டு முந்திரி" என்றும் கீழே "மஞ்சக்குப்பம்" என்றும் எழுத்து. 1080க்கு 1080 பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது மூன்று பேரிடம் கொடுக்க வேண்டும். ஷட்டர் எழுதுகிற அண்ணன் "கருப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் கொடும்மா, கலர் நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். புதுச்சேரியில் சட்டைக்கு எம்பிராய்டரி போடுபவர் கோரல் ஃபைல் கேட்கிறார். பை அச்சடிப்பவர் "வெக்டர் வேணும், ஒத்தக் கலர்" என்று சொல்லிவிட்டார். படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். பழமும் கொட்டையும் சாம்பல் கலரில் ஒரே மொத்தையாக நிற்கின்றன. எங்கே ஆரம்பிப்பது?

---

கடற்காற்று

இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். படம் வரைகிற இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம். இறக்கி, படத்தை உள்ளே போட்டு `Path > Trace Bitmap` கொடுங்கள், இரண்டு நிமிடத்தில் வெக்டர் ரெடி. அதைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து மூன்று பேருக்கும் அனுப்புங்கள். பிடிஎஃப் என்றாலே வெக்டர்தான்.

---

வளைகோடு (லாஸ்பேட்டை)

கடற்காற்று சொன்னதில் முதல் பாதியைப் பற்றிப் பிறகு பேசலாம். இரண்டாம் பாதி தவறு. வெக்டர் என்றால் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வரைந்த படம். பிடிஎஃப் ஒரு உறை மாதிரி, உள்ளே எதை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். பிஎன்ஜியை உள்ளே வைத்துப் பிடிஎஃப் ஆக்கினால் உள்ளே இருப்பது பிஎன்ஜியேதான். கோரலில் ஜேபெக்கை ஒட்டி சிடிஆர் ஆகச் சேமித்தாலும் கதை அதுதான். ஃபைலைத் திறந்து 1600 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் படிக்கட்டாக உடைந்தால் படம், கத்தியால் வெட்டியது போல நின்றால் வெக்டர். வேறு சோதனை தேவையில்லை.

முந்திரிப்பருப்பு, "கருப்பு வெள்ளையாக மாற்றினேன்" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது சாம்பல் நிறப் படம். ஷட்டர் எழுதுபவரிடம் சாம்பல் பெயின்ட் இருக்கலாம், ஆனால் பை அச்சடிப்பவர் மை இழுக்கிற சல்லடையில், அதாவது ஸ்கிரீனில், சாம்பல் என்று ஒன்று கிடையாது. மை விழும், அல்லது விழாது. சாம்பலைக் கொடுத்தால் அதைப் புள்ளி புள்ளியாக உடைத்துத்தான் அச்சடிக்க முடியும், முரட்டுத் துணியில் அந்தப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு அழுக்கு மாதிரி தெரியும்.

ஒற்றை நிற லோகோவை மாற்றி எடுக்க முடியாது. மறுபடி வரைய வேண்டும். கலரில் பழத்தையும் கொட்டையையும் பிரித்துக் காட்டியது நிறம். நிறத்தை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும், அது நடுவில் விடும் இடைவெளி. பழம் முழுக் கருப்பு, கொட்டை முழுக் கருப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. இலை காம்பைத் தொடும் இடத்திலும் அப்படியே. மஞ்சள் சிவப்பாக மாறும் சாயலை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பழத்தின் இடது தோளில், வெளிச்சம் படும் இடத்தில், பிறை மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கீற்று போதும். உருண்டை என்று கண் புரிந்துகொள்ளும்.

---

முந்திரிப்பருப்பு

அந்த இடைவெளி எவ்வளவு விட வேண்டும் சார்? கண்ணுக்கு அழகாகத் தெரிகிற அளவா?

---

வளைகோடு

கண் அளவில் விட்டால் திரையில் சரியாக இருக்கும், சட்டையில் மூடிக்கொள்ளும். எந்த இடத்தில் லோகோ மிகச் சிறியதாகவும் முரடாகவும் வருமோ, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உங்களுக்கு அது சட்டை. பாக்கெட்டுக்கு மேலே பழமும் கொட்டையும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலில் ஒரு மில்லிக்குக் குறைந்த இடைவெளியை நம்ப முடியாது, ஒன்றேகால் வைப்போம். 50 மில்லியில் ஒன்றேகால் என்றால் நாற்பதில் ஒரு பங்கு.

அதே விகிதத்தில் பையில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு 5 மில்லி இடைவெளி வரும், துணியில் மை கொஞ்சம் பரவினாலும் மூடாது. பில் புக்கில் பழம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் இடைவெளி 0.4 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆஃப்செட்டில் நல்ல தாளில் அது நிற்கும். ஷட்டரில் பழம் இரண்டரை அடி உயரம் என்றால் 19 மில்லி. பிரஷ்ஷுக்குத் தாராளம்.

---

பழைய தூரிகை (கடலூர் ஓ.டி.)

தாராளம் இல்லை சார், அதிகம். நான் முப்பது வருஷமா போர்டு எழுதுறவன். கிட்ட நின்னு பார்த்தா, முக்கால் இஞ்ச் இடைவெளியில பழம் தனியா கொட்டை தனியாத் தொங்கும். ஷட்டருக்கு அரை இஞ்ச் போதும். ஒரே டிராயிங்கை எல்லாத்துக்கும் வச்சா இப்படித்தான். பெருசுக்கு ஒண்ணு, சிறுசுக்கு ஒண்ணு வரையணும்.

---

வளைகோடு

ஒப்புக்கொள்கிறேன், பாதிதான். சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு 19 மில்லி உறுத்தாது. கடை வாசலில் நிற்பவருக்கு உறுத்தலாம். இரண்டு வரைந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு சிறிய கடை இரண்டு ஃபைலை வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் தவறான ஃபைல் தவறான ஆளிடம் போய்ச் சேரும். நான் ஒன்றோடு நிறுத்துவேன்.

---

பழைய தூரிகை

நான் எழுதினா அரை இஞ்ச்தான் வைப்பேன், டிராயிங்ல எவ்வளவு இருந்தாலும் 😄

---

படகுவீடு

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் ஃபைபர் படகுக்கு இரண்டு பக்கமும் பெயரும் ஒரு மீன் படமும் எழுத வேண்டும். மீன் வலப்பக்கம் பார்க்கிறது. இடப்பக்கப் பலகையில் அதைத் திருப்பிப் போட்டால் மீன் முன்னால் பார்க்கும், ஆனால் எழுத்தும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக குரூப் போட்டுவிட்டார்கள்.

---

வளைகோடு

குரூப்பைப் பிரித்து மீனை மட்டும் திருப்புங்கள், எழுத்தைத் தொட வேண்டாம். முந்திரிப்பருப்பு, உங்களுக்கும் இது பொருந்தும். டெலிவரி வண்டி வாங்கினால் இதே கேள்வி வரும். வளையம், பழம், எழுத்து மூன்றும் தனித்தனி குரூப்பாக இருக்கட்டும்.

---

கடற்காற்று

சரி, பிடிஎஃப் விஷயம் புரிந்தது. ட்ரேஸ் செய்வதில் என்ன குறை? நான் அப்படித்தான் எங்கள் கிரிக்கெட் டீம் லோகோவைச் செய்தேன். பேனர் நன்றாகவே வந்தது.

---

வளைகோடு

பேனர் எதையும் மன்னிக்கும். அது புகைப்படத்தையே அச்சடிக்கிற மிஷின்.

முந்திரிப்பருப்பின் படத்தை அப்படியே ட்ரேஸ் செய்தால் நடப்பது இது. மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் சாயலை மென்பொருள் பத்துப் பட்டைகளாக வெட்டும். பச்சை வளையம் சரியான வட்டமாக வராது, ஓரம் லேசாக அலையும். அந்த வட்டத்தில் கோட்டை வளைத்துப் பிடிக்கும் புள்ளி, அதாவது நோடு, நான்கு இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். நம்பர் பேடில் `Ctrl+5` அழுத்தி அவுட்லைன் மட்டும் பார்த்தால் எறும்பு மொய்த்த மாதிரி தெரியும். ஸ்டிக்கர் வெட்டும் ப்ளாட்டரில் கத்தி ஒவ்வொரு நோடிலும் திணறும்.

எழுத்துக்கு இன்னும் மோசம். 1080 புள்ளிப் படத்தில் அந்த வளைய எழுத்து 90 புள்ளி உயரம்தான் இருக்கும். "மஞ்ச" என்பதில் ஞகரத்தின் சுழி ஒழுங்காக வராது, புள்ளிகள் முட்டையாகும்.

ட்ரேஸ் பலன் தருகிற இடமும் ஒன்று உண்டு. பழத்தையும் கொட்டையையும் வெள்ளைத் தாளில், ஏ4 அளவுக்குப் பெரிதாக, கருப்பு மையில் நீங்களே வரைந்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து ட்ரேஸ் கொடுங்கள். சாயல் இல்லை, மங்கல் இல்லை, அதனால் சுத்தமாக வரும். அதன்பின் தேவையற்ற நோடுகளை நீக்கினால் போதும். இல்லையென்றால் பிஎன்ஜியை அடியில் பூட்டி வைத்துவிட்டு அதன் மேல் பென் டூலால் வரையுங்கள். வட்டத்தை வட்டக் கருவியிலேயே போடுங்கள். எழுத்தைத் தட்டச்சு செய்யுங்கள். ட்ரேஸ் வேண்டாம்.

---

முந்திரிப்பருப்பு

அண்ணன் மகனே உட்கார்ந்து இங்க்ஸ்கேப்பில் வரைந்துவிட்டான். பழம், கொட்டை, இடைவெளி, கீற்று எல்லாம் வந்துவிட்டது. பை அச்சடிப்பவருக்கு அனுப்பினோம். அவர் திறந்து பார்த்து இரண்டு குறை சொல்கிறார். எழுத்து ஆங்கிலமாக வந்திருக்கிறதாம். இன்னொன்று, "வெள்ளை இருக்கு, அதை எடுத்துட்டுக் கொடுங்க" என்கிறார். எந்த வெள்ளை என்று எங்களுக்குப் புரியவில்லை.

---

மையும் சட்டமும் (திருப்பாதிரிப்புலியூர்)

இரண்டுமே எங்கள் கடையில் தினமும் பார்ப்பது.

முதலில் எழுத்து. உங்கள் பையன் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்திருப்பான். அந்த ஃபான்ட்டில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துதான், உருவம் மட்டும் தமிழ். `jkpo;` என்று அடித்தால் திரையில் "தமிழ்" என்று தெரியும். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் `jkpo;` என்றே நிற்கும். யூனிகோடில் அடித்தாலும் நிம்மதி இல்லை. பழைய கோரல் வைத்திருக்கிற கடையில் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், துணைக்கால் தனியாக ஒரு வட்டத்தைக் காட்டும்.

அதனால் எழுத்தை எழுத்தாக அனுப்பாதீர்கள். கோடாக மாற்றி அனுப்புங்கள். கோரலில் `Ctrl+Q`, இல்லஸ்ட்ரேட்டரில் `Ctrl+Shift+O`, இங்க்ஸ்கேப்பில் `Path > Object to Path`. மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் "மஞ்சக்குப்பம்" என்பதில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்த முடியாது.

அடுத்து வெள்ளை. பழத்தின் மேல் அந்தக் கீற்றை எப்படிப் போட்டான்? கருப்புப் பழத்தின் மேல் வெள்ளை நிறத்தில் ஒரு பிறையை வைத்திருப்பான். திரையில் ஓட்டை மாதிரி தெரியும். ஆனால் ஓட்டை இல்லை, மேலே ஒட்டிய வெள்ளைத் தாள். நீங்கள் மஞ்சப்பையில் அடிக்கப் போகிறீர்கள். அங்கே அது மஞ்சளாக, துணியாகவே தெரிய வேண்டும். ஃபிலிமில் வெள்ளை தானாக ஓட்டையாகிவிடும் என்பீர்கள். ஒற்றை நிறத்துக்குப் பெரும்பாலும் ஆகும். ஆனால் அதே ஃபைல் ஸ்டிக்கர் வெட்டுபவரிடம் போனால் பிறை தனித் துண்டாக வெட்டப்பட்டு வரும், யாராவது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துச் சிவப்பு நிறம் கொடுத்தால் பிறை மறைந்தே போகும்.

இரண்டையும் தேர்ந்தெடுத்து, மேலே இருப்பதைக் கொண்டு கீழே இருப்பதை வெட்டுங்கள். இங்க்ஸ்கேப்பில் `Path > Difference`, கோரலில் `Back Minus Front`. அப்புறம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மஞ்சள் கட்டத்தை வைத்துப் பாருங்கள். எங்கேயாவது வெள்ளை தெரிந்தால் அது இன்னும் வெட்டப்படவில்லை.

---

முந்திரிப்பருப்பு

மஞ்சள் கட்டம் வைத்தோம். கீற்று மட்டுமில்லை, வளையத்துக்குள் மொத்தமும் வெள்ளை! அடியில் ஒரு வெள்ளை வட்டம் கிடந்திருக்கிறது. எடுத்துவிட்டோம். நன்றி சார்.

---

மையும் சட்டமும்

இன்னொன்றும் பாருங்கள். வளையத்தைக் கோடாகத் தடிமன் கொடுத்துப் போட்டிருக்கிறானா, வடிவமாகவா? கோடாக இருந்தால், என்னிடம் 20 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கும்போது என் கோரலின் அமைப்பைப் பொறுத்துத் தடிமன் கூடவே பெரிதாகலாம், ஆகாமலும் போகலாம். ஆகாவிட்டால் நல்ல தடிமனான வளையம் நூல் மாதிரி ஆகிவிடும். `Path > Stroke to Path` கொடுத்து வடிவமாக்கிவிடுங்கள். எஸ்விஜியும் பிடிஎஃப்பும் இரண்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் ஆக. எஸ்விஜியைத் திறக்கும்போது சில கோரலில் அளவு மாறி விழும், அதனால் "வளையம் 200 மில்லி" என்று செய்தியில் எழுதிவிடுங்கள்.

2021இல் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்ததிலிருந்து துணிப்பை வேலை நிறைய வருகிறது. பாதிப் பேர் மூன்று கலர் லோகோவைக் கொடுத்து, ஒரு கலர் விலைக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒரு முறை இழுப்பு. அதை யார் சொல்லியும் கேட்பதில்லை.

---

நீலக்கதவு (புதுச்சேரி)

எம்பிராய்டரி என்கிறீர்கள், இதற்கு ஏன் கம்ப்யூட்டர் ஃபைல்? எங்கள் அத்தை கான்வென்ட்டில் கற்றுக்கொண்டு இத்தனை வருடமாகக் கையால் போடுகிறார். ட்ரேசிங் தாளில் வரைந்து கொடுத்தால் சாயலோடு, சிவப்பும் மஞ்சளும் கலந்தே போட்டுத் தருவார். பழம் உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும்.

---

முந்திரிப்பருப்பு

அக்கா, அழகாகத்தான் இருக்கும். எங்களுக்கு வேண்டியது கடையில் வேலை செய்பவர்களுக்குச் சட்டை, ஆளுக்கு மூன்று. வாரம் முழுக்கத் துவைப்பது. அம்மாவுக்குப் புடவையில் போட வேண்டும் என்றால் உங்கள் அத்தையைக் கேட்கிறேன்.

---

கடற்காற்று

சட்டைக்கு ஏன் ஒற்றை நிறம் என்று எனக்கும் கேள்விதான். அந்த மிஷினில் பன்னிரண்டு ஊசி, பதினைந்து ஊசி இருக்குமே?

---

ஊசிமுனை (முத்தியால்பேட்டை)

கடற்காற்று இந்த முறை சரி. தையலில் காசு நிறத்துக்கு இல்லை, தையல் எண்ணிக்கைக்கு. ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. பழம் சிவப்பு, கொட்டை பழுப்பு, இலை பச்சை என்று மூன்று நூல் போடலாம். சாயல் மட்டும் வேண்டாம், தட்டையான மூன்று நிறம். ஆனாலும் வளைகோடு சொன்ன அந்த ஒற்றை நிற வரைபடத்தை எனக்குக் கொடுங்கள். நிறம் இல்லாமலே அது புரிகிறது என்றால் நூலிலும் புரியும்.

எங்களிடம் வருகிறவர்கள் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. வெக்டர் கொடுத்தால் மிஷின் அப்படியே தைத்துவிடும் என்று. தைக்காது. அந்த வெக்டரை அடியில் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு பகுதிக்கும் தையல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எது முதலில், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று மறுபடி போடுகிறேன். நாங்கள் பஞ்சிங் என்போம். அதிலிருந்து வருவது `.DST` ஃபைல், மிஷினுக்குப் போவது அதுதான். பஞ்சிங் காசைத் தனியாக வாங்கினால் அந்த `.DST` ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை அப்புறம் பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. தையல் நெருக்கம் கெட்டுவிடும். தொப்பிக்கு வேண்டுமென்றால் தனியாகப் போட வேண்டும்.

இப்போது உங்கள் லோகோ. வளையம் ஏழரை சென்டிமீட்டர் போட்டால், உங்கள் படத்தில் எழுத்து வளையத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஆறு மில்லி சொச்சம். ஆங்கிலப் பெரிய எழுத்து என்றால் ஐந்து மில்லியிலேயே சமாளிப்பேன். தமிழ் அப்படி இல்லை. ஆறு மில்லி உயரத்தில் எழுத்தின் கோடு ஒரு மில்லிக்குள் வந்துவிடும். ஞகரத்தின் சுழிக்குள் நூலே அடைத்துக்கொள்ளும். "நாட்டு முந்திரி", "மஞ்சக்குப்பம்" இரண்டிலும் சேர்த்து ஆறு புள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றும் முக்கால் மில்லி. அந்த இடத்தில் ஊசி நாலு முறை குத்தினால் முடிச்சுதான் வரும், புள்ளி வராது. சட்டைத் துணி மெலிசு என்றால் ஓட்டையும் விழும்.

என் யோசனை: சட்டைக்கு வளையத்தையும் "மஞ்சக்குப்பம்" என்பதையும் எடுத்துவிடுங்கள். பழமும் கொட்டையும் 5 சென்டிமீட்டர், அடியில் நேர்கோட்டில் "நாட்டு முந்திரி" மட்டும் 10 மில்லி உயரத்தில். தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்தாக எடுங்கள். தடித்தும் மெலிந்தும் போகிற ஃபான்ட் வேண்டாம்.

---

வளைகோடு

இடைவெளி ஒன்றேகால் மில்லி என்று கணக்குப் போட்டேன். நூலில் நிற்குமா?

---

ஊசிமுனை

தையல் ஓடும் திசையைப் பொறுத்தது. தையல் நீளவாக்கில் துணியை உள்ளே இழுக்கும், அந்தப் பக்கம் வடிவம் சுருங்கி இடைவெளி பெரிதாகும். தையல் வரிசை முடிகிற பக்கம் நூல் வெளியே தள்ளும், அங்கே இடைவெளி மூடும். பழத்துக்கும் கொட்டைக்கும் நடுவில் இருக்கும் கோடு படுக்கையாக இருக்கிறது. பழத்தைக் கிடைமட்டமாகத் தைத்தால் வரிசை கீழே முடியும், ஒன்றேகால் மில்லி முக்காலாகிவிடும். நான் சாய்வாகத் தைத்து, பழத்தின் அடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுவேன். அது பஞ்சிங்கில் பார்த்துக்கொள்ள வேண்டியது, உங்கள் வரைபடத்தில் மாற்ற வேண்டாம். முதலில் அதே சட்டைத் துணியில் ஒரு மாதிரி தைத்துத் தரச் சொல்லுங்கள். வேறு துணியில் தைத்துக் காட்டினால் ஏற்காதீர்கள்.

---

முந்திரிப்பருப்பு

பெயரை எடுத்தால் அது எங்கள் லோகோவா என்று அம்மா கேட்கிறார். வளையம் அவருக்குப் பிடித்தது.

---

மையும் சட்டமும்

பையில் வளையம் இருக்கட்டும், போர்டில் இருக்கட்டும். சட்டை போட்டவர் கடைக்குள்தானே நிற்கிறார், கடை மஞ்சக்குப்பத்தில் இருப்பது உள்ளே வந்தவருக்குத் தெரியும். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

---

பழைய தூரிகை

ஷட்டருக்கு வருவோம். யாரும் கேட்காத விஷயம் ஒண்ணு, கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க ஷட்டர் மேலே சுருண்டு கிடக்கும். பகல்ல யார் கண்ணுக்கும் லோகோ தெரியாது. ராத்திரியும் விடியக்காலையும்தான். அதனால மேல போர்டும் எழுதிக்கங்க.

ஷட்டர் சமமான தகடு இல்லை. பட்டை பட்டையா வளைஞ்சிருக்கும், ரெண்டு பட்டைக்கு நடுவுல பள்ளம். படுக்கைக் கோடு மெலிசா இருந்தா பள்ளத்துல போய் விழுந்துடும், எதிர்ல நின்னா தெரியாது. வளையம் நாலு அடின்னா எழுத்து நாலு இஞ்ச். பட்டை மூணு இஞ்ச். ஒரு எழுத்து ஒரு பட்டைக்கு மேல ஏறி அடுத்ததுல கால் வைக்கும். வளையத்துல சாய்ஞ்சு வர்ற எழுத்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடத்துல பள்ளத்தை வெட்டும். படிக்க முடியாது. சட்டைக்குச் சொன்ன அதே ஏற்பாடுதான் இங்கேயும் நல்லது, பழம் பெருசா, கீழே நேரா ஒரு வரி. எழுத்து ஒரு அடி உயரம் வேணும், நாலு பட்டை வரும்.

ஷட்டர் எழுதுற அண்ணன்கிட்ட கருப்பு வெள்ளைப் பிரிண்ட் மட்டும் கொடுக்காதீங்க, கட்டம் போட்டுக் கொடுங்க. தாள்ல பதினாறுக்குப் பதினாறு கட்டம், ஒரு கட்டம் 12 மில்லி. மொத்தம் 192 மில்லி, ஏ4 அகலத்துல அடங்கும். ஷட்டர்ல ஒரு கட்டம் மூணு இஞ்ச், பதினாறு கட்டம் நாலு அடி. பட்டை சரியா மூணு இஞ்ச் இருந்தா படுக்கைக் கோடு போடவே வேணாம், பட்டையே கோடு. நிக்கிற கோட்டுக்கு மட்டும் சாக்பீஸ் தூள் தடவின நூலை அடிச்சா முடிஞ்சது. முதல்ல டேப் வச்சு பட்டையை அளந்துட்டுக் கட்டத்தை முடிவு பண்ணுங்க, எல்லா ஷட்டரும் மூணு இஞ்ச் கிடையாது.

---

வளைகோடு

இது அருமை. நான் இதுவரை கட்டத்தைப் படத்துக்கு ஏற்றபடிதான் போட்டிருக்கிறேன், ஷட்டருக்கு ஏற்றபடி யோசித்ததில்லை.

ஷட்டர் என்ன நிறம்?

---

முந்திரிப்பருப்பு

கரும்பச்சை அடித்தாகிவிட்டது. அதன் மேல் கிரீம் நிறத்தில் எழுதுவதாகச் சொன்னார்.

---

வளைகோடு

அப்படியானால் இன்னொரு ஃபைல் வேண்டும். கருப்பு ஃபைலை அப்படியே வெள்ளையாக மாற்றினால் போதாது. கருப்புப் பழத்தில் இடது தோளில் விட்ட கீற்று வெளிச்சமாகத் தெரிந்தது. கிரீம் பழத்தில் அதே கீற்று கரும்பச்சையாக வரும், வெளிச்சம் படும் இடத்தில் இருட்டு விழுந்தால் யாரோ பழத்தைக் கடித்த மாதிரி தெரியும். கீற்றை வலப்பக்கம் கீழே, நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். இருட்டின் மேல் வெளிர் நிறம் கண்ணுக்குக் கொஞ்சம் தடித்துத் தெரியும், அதனால் எழுத்தை ஒரு இழை மெலிதாக்கினால் நல்லது.

---

மையும் சட்டமும்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கீற்று இடம் மாறினால் பையில் ஒரு பழம், ஷட்டரில் வேறு பழம். வாடிக்கையாளருக்கு ஒரே உருவம்தான் மனதில் நிற்க வேண்டும். இருட்டுப் பின்னணிக்குக் கீற்றே இல்லாமல் முழுப் பழமாக விடுவேன்.

---

பழைய தூரிகை

முழுப் பழமா விட்டா மாங்காயா முந்திரியான்னு தெரியாது. கீழ கொட்டை இருக்கு, சரி, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். நான் கீற்றை விடுவேன். எந்தப் பக்கம்னு ஷட்டர் முன்னாடி நின்னுதான் சொல்ல முடியும்.

---

முந்திரிப்பருப்பு

இடப்பக்கக் கீற்று, வலப்பக்கக் கீற்று, கீற்று இல்லாதது மூன்றையும் ஏ4இல் எடுத்து, கரும்பச்சைத் தாளில் ஒட்டிக் கடை எதிரே வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குக் கீற்று இல்லாதது பிடித்திருக்கிறது, அண்ணன் மகனுக்கு வலப்பக்கக் கீற்று.

ஷட்டர் பட்டையை அளந்தோம், மூன்று இஞ்ச்தான். கட்டம் போட்ட பிரிண்ட் அண்ணனிடம் கொடுத்தாயிற்று. பை ஃபிலிம் வந்துவிட்டது, ஆறு புள்ளியும் தெளிவாக இருக்கிறது. ஊசிமுனை சார் சொன்னபடி சட்டைத் துணியிலேயே மாதிரி கேட்டிருக்கிறோம், வரவில்லை. ஃபோல்டரில் இப்போது நான்கு ஃபைல்: `vannam.svg`, `karuppu.svg`, `velir.svg`, `sattai.svg`. பில் புக்குக்கு இதில் எது? வளையம் இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும்.

---

மையும் சட்டமும்

`karuppu.svg`. ஆனால் இரண்டரை சென்டிமீட்டர் வளையத்தில் எழுத்து இரண்டு மில்லி. ஆஃப்செட்டில் அச்சாகும், படிக்க உங்கள் அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும். பில்லில் கடைப் பெயர் எப்படியும் பெரிதாக அச்சிடுவீர்கள், `sattai.svg` ஃபைலிலிருந்து பழத்தை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நிறம் கேட்டால் தனிக் கருப்பு, நூறு சதவீதம். நான்கு நிறம் கலந்த கருப்பாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் கொடுக்கும், அதனால் அச்சகத்தில் கோரலில் திறந்ததும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

---

படகுவீடு

மீன் மட்டும் திரும்பிவிட்டது, நன்றி. இப்போது அண்ணன் ஒருவர் இரண்டு பக்கமும் மீன் வலப்பக்கமே பார்க்கட்டும், அதுதான் ராசி என்கிறார். இதற்கு ஃபைலில் வழி உண்டா?